"மாதிரி சிறியது" என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை

இளங்கலை இரண்டாம் ஆண்டில் புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் உளவியல், வணிகவியல் மாணவர்கள். வரைபடத்தையும் பி மதிப்பையும் ஒருவர் சரியாகப் படிக்கிறாரா, அல்லது படிப்பதுபோல் எழுதிவிடுகிறாரா என்பதைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகளை எழுதிப் பழக எனக்கு நாலைந்து வருடம் ஆனது. அதில் எவை பலிக்கவில்லை, எவை பலித்தன என்பதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் நான் கொடுத்தது ஒரு பட்டை வரைபடம். கீழே, "இந்த வரைபடத்தில் உள்ள தவறு யாது?" என்று ஒரு வரி. ஏறக்குறைய எல்லோரும் "ஒய் அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை" என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணையும் வாங்கிவிட்டார்கள். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பு ப்ராஜெக்ட் அறிக்கைகளைக் கொண்டுவந்தது. ஒரு மாணவி மூன்று பிரிவுகளின் வருகைப்பதிவை ஒப்பிட்டிருந்தாள்: 88, 91, 93 சதவீதம். அச்சு 85இல் தொடங்கியதால் மூன்றாவது பட்டை முதல் பட்டையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் உயரமாக நின்றது. அடியில், "சி பிரிவின் வருகை மிக மிக அதிகம்" என்று எழுதியிருந்தாள்.

"அச்சு எங்கே தொடங்குது, பார்த்தியா?" என்று கேட்டேன்.

"எக்செல் போட்டுக் கொடுத்ததுதான் மேம்."

அவள் சொன்னது உண்மை. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், பட்டை வரைபடத்துக்கும் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே தொடங்கிவிடும். தேர்வில் அதே குறையைச் சரியாகச் சொன்னவள் அவள். வித்தியாசம் எங்கே என்றால், தேர்வில் தவறு இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். "தவறு யாது" என்று கேட்டாலே பாதிப் பதிலை எடுத்துக் கையில் கொடுத்தது போலத்தான். செய்தித்தாளிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் படத்துக்குக் கீழே அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை.

அதற்குப் பிறகு வரைபடக் கேள்வியை ஸ்கேல் வைத்து அளக்கும் கேள்வியாக மாற்றினேன். 2012இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி காட்டிய ஒரு படம் இதற்குப் பொருத்தமாக இருந்தது. புஷ் காலத்து வரிச்சலுகை முடிந்தால் உச்ச வருமான வரி விகிதம் 35 சதவீதத்திலிருந்து 39.6 சதவீதம் ஆகும் என்பது செய்தி. இரண்டே பட்டைகள். அச்சு 34இல் தொடங்கியது. அதை மறுபடி வரைந்து, முதல் பட்டை சரியாக 1 செ.மீ., இரண்டாவது 5.6 செ.மீ. வரும்படி அச்சிட்டுக் கொடுத்தேன். தவறு என்ற சொல்லே கேள்வியில் இல்லை. கேட்டது மூன்று: இரண்டாவது பட்டையின் உயரம் முதலாவதைப் போல எத்தனை மடங்கு? வரி விகிதம் எத்தனை மடங்கு? இரண்டு விடைகளும் வேறாக இருந்தால் அந்த வேறுபாடு படத்தில் எங்கிருந்து வருகிறது?

முதல் விடை 5.6. இரண்டாவது, 39.6ஐ 35ஆல் வகுத்தால் 1.13. இந்த இரண்டு எண்களையும் தன் கையால் அடுத்தடுத்து எழுதிய மாணவர் மூன்றாவதற்கு மனப்பாடப் பதில் எழுதுவது அரிது. எங்கே தொடங்கியது என்று தேடிப்போய் அச்சைப் பார்க்கிறார். நான்காவதாக ஒன்றையும் பின்னால் சேர்த்தேன்: முதல் பட்டையை 5 செ.மீ. என்று வைத்து, பூஜ்யத்திலிருந்து மறுபடி வரைக. இரண்டாவது 5.7 செ.மீ. அளவில் வரும். வரைந்து முடித்ததும் "இவ்வளவுதானா?" என்று ஒரு பையன் சத்தமாகவே சொன்னான். ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் வரி 4.6 சதவீதப் புள்ளி உயர்வது சிறிய விஷயம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது பெரிதா சிறிதா என்பதைப் பட்டையின் உயரம் தீர்மானிக்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

சரி, இது பலித்தது. ஆனால் அடுத்த பருவத்தில் வேறொரு சிக்கல் வந்தது.

ஒரு உள்மதிப்பீட்டுத் தேர்வில் உலக சராசரி வெப்பநிலையின் கோட்டு வரைபடத்தைக் கொடுத்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. அச்சு, தரவு நகரும் எல்லைக்குள் தொடங்கி முடிந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் "அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, ஆகவே இது ஏமாற்றும் வரைபடம்" என்று எழுதினார்கள். படிக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, சந்தேகப்பட மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்குவதும் எல்லாவற்றையும் நம்புவது போலவே ஒரு படிக்காத பழக்கம்தான். அந்த விடைத்தாள்கள்தான் என்னை மிகவும் வருத்தின.

அதற்கு மருந்தாக 2015 டிசம்பரில் அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ இதழ் ட்விட்டரில் போட்ட படத்தை எடுத்தேன். அதுவும் உலக சராசரி வெப்பநிலைதான், 1880 முதல். ஆனால் ஒய் அச்சு மைனஸ் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தொடங்கி 110 வரை போகிறது. பூஜ்யம் தாராளமாக உள்ளே இருக்கிறது. கோடு ஏறக்குறைய தட்டையாகத் தெரிகிறது. கேள்வியில் அந்தப் படத்தின் உயரத்தை 12 செ.மீ. என்று வைத்தேன். 120 டிகிரிக்கு 12 செ.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர். அத்தனை ஆண்டுகளில் வெப்பநிலை உயர்ந்தது ஒரு டிகிரி செல்சியஸ் அளவு, அதாவது ஃபாரன்ஹீட்டில் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அந்த உயர்வு இந்தப் படத்தில் எத்தனை மில்லிமீட்டர்? இரண்டுகூட இல்லை. பேனா முனையின் தடிமனோடு போட்டி போடும் அளவு.

இந்த இரண்டு படங்களையும் ஒரே கேள்வியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் "பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்" என்ற விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று வகுப்பில் பேச முடிந்தது. பட்டை வரைபடத்தில் கண் நீளத்தை ஒப்பிடுகிறது. அடியை வெட்டினால் நீளத்தின் விகிதமே மாறிவிடும். கோட்டு வரைபடத்தில் கண் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்கிறது. அங்கே கேட்க வேண்டியது, இந்தத் துறையில் எவ்வளவு மாற்றம் பெரிய மாற்றம் என்பது. உடல் வெப்பநிலை 98.6இலிருந்து 102க்குப் போனால் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அதைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. அதுவும் ஃபாரன்ஹீட் பூஜ்யம் "வெப்பமே இல்லை" என்ற நிலை கிடையாது, ஒருவர் வசதிக்காக வைத்த புள்ளிதான். இதைச் சொன்னதும் முதல் பெஞ்சில் ஒருத்தி, "அப்போ தேர்ச்சி சதவீதம், வரி இதுக்கெல்லாம் பூஜ்யம்னா நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், இல்லையா மேம்?" என்று கேட்டாள். ஆமாம், அதுதான்.

இப்போது மூன்று வரைபடம் கொடுத்தால் அதில் ஒன்றாவது நேர்மையான படமாக இருக்கும். "இது உண்மையை ஒழுங்காகக் காட்டுகிறதா? காரணம் தருக" என்பதே கேள்வி. ஆம், இல்லை என்பதற்கு மதிப்பெண் கிடையாது. காரணத்துக்கு மட்டும்தான்.

இனி பி மதிப்பு, அதாவது உண்மையில் விளைவே இல்லை என்றாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாக வரும் நிகழ்தகவு. இதில் சறுக்கல்கள் இன்னும் அதிகம்.

ஆரம்பத்தில் "பி மதிப்பு வரையறு" என்று கேட்பேன். நன்றாகப் படித்துவந்து எழுதுவார்கள். அடுத்த பக்கத்திலேயே "p = 0.03, ஆகவே இந்தக் கருதுகோள் 97 சதவீதம் உண்மை" என்றும் எழுதுவார்கள். வரையறை ஒரு அறையிலும் அர்த்தம் இன்னொரு அறையிலும் இருக்கிறது, நடுவில் கதவு இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையே, பி மதிப்பு என்பது ஆய்வுக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

அதனால் வரையறை கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது மூன்று ஆய்வுகளைக் கொடுக்கிறேன். எண்கள் கற்பனை என்று கேள்வியிலேயே எழுதிவிடுவேன். முதல் ஆய்வில் புதிய பயிற்சி பெற்ற 20 பேரில் 14 பேர் தேர்ச்சி, பழைய பயிற்சி பெற்ற 20 பேரில் 10 பேர். கை-வர்க்கச் சோதனையில் p = 0.20. இரண்டாவது ஆய்வில் 200 பேரில் 140, இன்னொரு 200 பேரில் 100. இங்கே p = 0.00004. மூன்றாவது ஆய்வில் ஒரு லட்சம் பேரில் 50,500, இன்னொரு லட்சம் பேரில் 50,000. இங்கே p = 0.025. பிறகு இரண்டு கேள்விகள்: பயிற்சியால் கிடைத்த கூடுதல் தேர்ச்சி எந்த ஆய்வில் அதிகம் என்று வரிசைப்படுத்துக. பி மதிப்பு எதில் குறைவு என்று வரிசைப்படுத்துக.

இரண்டாவது வரிசையைக் கண்ணால் பார்த்தே எழுதலாம்: இரண்டாவது ஆய்வு, மூன்றாவது, முதலாவது. முதல் கேள்விக்கும் நிறையப் பேர் அதையே எழுதிவிடுவார்கள். ஆனால் முதல் இரண்டு ஆய்வுகளிலும் வித்தியாசம் ஒன்றே: 70 சதவீதம், 50 சதவீதம். மூன்றாவதில் வெறும் அரை சதவீதப் புள்ளி. விளைவின் அளவையும் பி மதிப்பையும் ஒன்று என்று நினைப்பவர் இங்கே மறைந்துகொள்ள முடியாது. இந்தக் கேள்வி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், தவறாகப் புரிந்துகொண்டவருக்கும் ஒரு திட்டவட்டமான விடை கிடைக்கிறது. அந்த விடையைப் பார்த்தாலே எங்கே தடுமாறினார் என்று தெரிந்துவிடும்.

கூடவே, முதல் ஆய்வுக்கு "புதிய பயிற்சியால் பயனில்லை: ஆய்வில் உறுதி" என்று ஒரு செய்தித் தலைப்பு கொடுத்து, சரியா என்று கேட்பேன். அதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பார்க்க வைப்பது நல்லது. முதல் ஆய்வில் வித்தியாசம் மைனஸ் 10இலிருந்து பிளஸ் 50 சதவீதப் புள்ளி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வரும். பயனில்லை என்று உறுதியாகச் சொல்ல அதில் இடமே இல்லை, நமக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். இரண்டாவது ஆய்வில் அதே இடைவெளி ஏறத்தாழ 11இலிருந்து 29 வரை சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது ஆய்வு வேறொரு சங்கதியையும் வெளியே கொண்டுவந்தது. பி மதிப்புக்கு வழக்கமாக வைக்கும் எல்லை 0.05. தமிழில் விடை எழுதுபவர்கள் "பி மதிப்பு 0.05ஐ விடக் குறைவு, ஆகவே முக்கியமான வேறுபாடு" என்று எழுதியிருந்தார்கள். சிக்னிஃபிகன்ட் என்ற சொல்லுக்கு வகுப்பில் நான் "முக்கியத்துவம்" என்று சொல்லிக்கொடுத்ததன் பலன் அது. முக்கியம் என்றால் நம் காதில் பெரியது, கவனிக்க வேண்டியது என்றுதான் விழுகிறது. அரை சதவீதப் புள்ளிக்காக ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி மாற்ற வேண்டுமா என்பது பணம், நேரம் எல்லாம் சேர்ந்த வேறு கேள்வி. இப்போதெல்லாம் அந்த இடத்தில் "தற்செயலால் மட்டும் எளிதில் வந்துவிடாத வேறுபாடு" என்று நீட்டியே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் குழப்பம் குறைந்தது.

கடைசியாக, சாக்லேட் கேள்வி. தலைப்பில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது.

2015இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், ஜெர்மனியில் சிலரோடு சேர்ந்து வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வை நடத்தினார். மொத்தம் 15 பேர், மூன்று குழு, மூன்று வாரம். ஒரு குழு மாவுச்சத்தைக் குறைத்த உணவோடு தினமும் டார்க் சாக்லேட்டும் சாப்பிட்டது. எடை, கொலஸ்ட்ரால், சோடியம், தூக்கம், மனநிலை என்று 18 அளவுகள் எடுத்தார்கள். எடை வேகமாகக் குறைந்ததாக ஒரு முடிவு 0.05க்குக் கீழே கிடைத்தது. அதை முன்னிறுத்தி ஒரு ஆய்விதழில் வெளியிட்டார். சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையும் என்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டு மே மாதம் அவரே உண்மையைச் சொன்னார். எவ்வளவு எளிதாக இப்படி ஒரு செய்தியை உண்டாக்கலாம் என்று காட்டுவதே நோக்கம்.

நான் முதலில் இதைக் கதையாகக் கொடுத்து, "இந்த ஆய்வை விமர்சி" என்று கேட்டேன். வந்த பதில் ஒன்றே ஒன்று: "மாதிரி சிறியது." தவறில்லை. ஆனால் எந்த ஆய்வைக் கொடுத்தாலும் அதையேதான் எழுதுகிறார்கள், 22,000 பேர் உள்ள ஆய்வுக்கும் எழுதியவர் உண்டு. இந்த ஆய்வில் ஏமாற்று நடந்தது 18 என்ற எண்ணில். அந்த எண்ணை ஒருவரும் தொடவில்லை. 15 பேருக்குப் பதில் 150 பேர் இருந்தாலும், சாக்லேட்டால் ஒரு விளைவும் இல்லை என்றாலும், 18 முறை சோதித்தால் ஏதோ ஒன்று 0.05க்குக் கீழே விழும் வாய்ப்பு குறையப்போவதில்லை.

அதனால் கேள்வியைப் படிகளாக உடைத்தேன். சாக்லேட்டால் எதிலுமே மாற்றம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது 18 சோதனைகளில் சராசரியாக எத்தனை 0.05க்குக் கீழே வரும்? 18 × 0.05 = 0.9, கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றாவது வரும் நிகழ்தகவு என்ன? 1 − 0.95^18, அதாவது 0.60. ஐந்தில் மூன்று முறை, சாக்லேட் ஒன்றுமே செய்யாமல், வெளியிடத் தகுந்த ஒரு முடிவு கிடைத்துவிடும். 18 அளவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு. நிஜத்தில் எடையும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து நகரும், ஆகவே 0.60 ஒரு தோராயம். இந்தக் குறிப்பைக் கேள்வியிலேயே போட்டுவிடுவேன். போடாமல் விட்டால் நன்றாக யோசிக்கும் மாணவர்தான் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பார்.

கணக்குப் போட்டுவிட்டாலும் அது மனதில் இறங்குவது கணினி அறையில்தான். விளைவே இல்லாதபோது பி மதிப்பு 0க்கும் 1க்கும் இடையே எங்கும் சமமாக விழும். ஆகவே எக்செலில் A1 முதல் A18 வரை முதல் சூத்திரத்தைப் போட்டு, B1இல் இரண்டாவதைப் போட்டால் போதும்:

```
=RAND()
=COUNTIF(A1:A18,"<0.05")
```

F9ஐ அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சாக்லேட் ஆய்வு. ஆளுக்கு இருபது முறை அழுத்தி, B1இல் 0 வராதது எத்தனை முறை என்று குறிக்கச் சொல்வேன். பன்னிரண்டைச் சுற்றி வரும். ஒரு பையனுக்கு ஒரே அழுத்தில் மூன்று வந்தது. திரையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மேம், இதுல எதுவுமே இல்லைன்னு எனக்குத் தெரியும், நான்தானே சூத்திரம் போட்டேன். ஆனா இந்த மூணு செல்லை மட்டும் வெட்டிக் காட்டினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லாமல், அவன் கேட்டதை அப்படியே அடுத்த தேர்வுக்கு எடுத்துக்கொண்டேன். இப்போது சாக்லேட் கேள்வியின் கடைசிப் பகுதி இதுதான்: "உங்களுக்கு ஆய்வின் ஒரே ஒரு முடிவும் அதன் பி மதிப்பும் மட்டும் தரப்பட்டுள்ளன. ஆய்வாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி உண்டு. என்ன கேட்பீர்கள்? அவர் 1 என்று சொன்னால் உங்கள் முடிவு என்ன, 18 என்று சொன்னால் என்ன?" மொத்தம் எத்தனை சோதித்தீர்கள் என்று கேட்பவருக்கு ஒரு மதிப்பெண். 18 என்ற பதிலுக்கு 0.05ஐ 18ஆல் வகுத்து, 0.0028க்குக் கீழே இருந்தால்தான் நம்புவேன் என்பது போல ஏதாவது ஒரு கடுமையான எல்லையைச் சொல்பவருக்கு இன்னொன்று. "மாதிரி சிறியது" என்று மட்டும் எழுதியவருக்கு ஒன்றும் கிடையாது. அதைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுவிடுகிறேன்.